ஃபெனிடாயின், ஈறு வீக்கம், காலையில் கைநழுவும் டம்ளர்

கேள்வி: "என் தங்கைக்கு 19 வயது. இரண்டு வருடமாக ராத்திரி ஃபெனிடாயின் 300 போடுகிறாள். ஃபிட்ஸ் வருடத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது, விடிகாலையில்தான். இப்போது ஈறு வளர்ந்து முன்பல்லில் பாதியை மூடிவிட்டது, சிரிக்கவே மாட்டேன் என்கிறாள். மாத்திரையை மாற்றாமல் ஈறை வெட்டினால் திரும்ப வளரும் என்கிறார் பல் டாக்டர். ஆனால் எங்கள் தெருவில் ஒருவருக்கு வேறு வலிப்பு மாத்திரை கொடுத்து உடம்பெல்லாம் தோல் உரிந்து ஐசியூ வரை போனார். மாற்றலாமா, நாங்களே குறைத்துப் பார்க்கலாமா? அவள் கொஞ்சம் கவனக்குறைவு, காலையில் காபி டம்ளரை அடிக்கடி கீழே போடுவாள், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவோம். இரண்டாவது வேளை மாத்திரை கொடுத்தாலும் மறந்துவிடுவாளோ என்றும் பயம்."

பதில்: நீங்களாகக் குறைக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஒரு வலிப்பு முடிவதற்குள் அடுத்தது என்று தொடர்ந்து வரும் ஆபத்து உண்டு. ஃபெனிடாயினில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கல்லீரல் அதை ஓர் அளவுக்கு மேல் வேகமாகக் கரைக்க முடியாது. அதனால் மாத்திரையில் சின்ன மாற்றம் செய்தாலும் ரத்தத்தில் உள்ள அளவு பெரிதாக ஏறும், பெரிதாக இறங்கும். 300-ஐ 200 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்குதானே குறையும் என்று நினைப்பீர்கள். ரத்தத்தில் அதைவிட அதிகமாகவே குறையும். அப்படிக் குறைத்தும் ஈறு இறங்கும் என்று உறுதி கிடையாது. மருந்தின் அளவுக்கும் ஈறு வளர்ச்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை.

சரி, உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது ஈறு அல்ல, டம்ளர். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வலிப்பு நோய்க்கு மருத்துவம் பார்த்த இருபதுக்கும் மேற்பட்ட வருடங்களில் இந்த டம்ளரை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். சில நேரம் அது பல் துலக்கும் பிரஷ்ஷாக இருக்கும், சில நேரம் சீப்பு, ஒருமுறை தோசைக் கரண்டி. பதின்ம வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பில், தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கையோ தோளோ நொடிப்பொழுது தூக்கிவாரிப் போடும். நினைவு தப்பாது. கையில் இருப்பது எகிறி விழும், அவ்வளவுதான். வீட்டில் திட்டு விழும். பிள்ளையும் தனக்குக் கைநிதானம் இல்லை என்றே நம்பிவிடும். இதை யாரும் நோயாக நினைப்பதில்லை, அதனால் டாக்டரிடம் சொல்வதும் இல்லை. தூக்கம் கெட்ட மறுநாள், பரீட்சை நேரம், கல்யாண வீட்டில் கண்விழித்த விடிகாலை, இப்படிப்பட்ட நாட்களில் அது பெரிய வலிப்பாக மாறும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். உங்கள் தங்கைக்குப் பெரிய வலிப்பு விடிகாலையில் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வயது, நேரம், டம்ளர் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. இதற்குப் பெயர் இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு.

இது உறுதி என்று நான் சொல்லவில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யையும் பார்க்கவில்லை. நிஜமாகவே தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம். ஃபெனிடாயின் அளவு ரத்தத்தில் கூடிப்போனாலும் நடை தள்ளாடும், கை நிதானம் தவறும், பேச்சு குழறும், பார்வை இரட்டையாகும். ஆனால் அது நாள் முழுக்க இருக்கும், காலையில் மட்டும் வெட்டி இழுக்காது. தூக்கிவாரிப் போடுவதா, நழுவ விடுவதா என்பதைக் கண்ணால் பார்த்தாலே பிரித்துவிடலாம். நாளையிலிருந்து ஒரு வாரம், அவள் எழுந்து காபி குடிக்கும் நேரத்தில் போனில் வீடியோ எடுங்கள். அவளிடம் சொல்லிவிட்டே எடுங்கள். நரம்பியல் டாக்டருக்கு அந்தப் பத்து விநாடி வீடியோ நீங்கள் சொல்லும் பத்து நிமிடக் கதையைவிட உதவும்.

எந்த வலிப்பு என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தரையில் விழுந்து கைகால் இழுத்து வாயில் நுரை தள்ளும் அந்தப் பெரிய வலிப்பு இரண்டு வழியாக வரலாம். ஒன்று, மூளையில் ஓரிடத்தில் தொடங்கி மற்ற இடங்களுக்குப் பரவுவது. பழைய அடி, நாடாப்புழு முட்டையால் வந்த கட்டி, பிறப்பிலேயே இருக்கும் சின்ன வடு, இப்படி ஏதாவது ஒன்று அங்கே இருக்கலாம். இவர்களில் பலருக்கு விழுவதற்கு முன் வயிற்றில் ஏதோ மேலேறுவது போலவோ ஒரு பக்கக் கை மரத்துப்போவது போலவோ தோன்றும். மற்றொன்று, இரண்டு பக்க மூளையும் ஒரே நேரத்தில் தீப்பிடிப்பது போல் தொடங்குவது. முன்னறிவிப்பு இருக்காது, எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். தங்கைக்குச் சந்தேகப்படுவது இந்த இரண்டாவது வகை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வலிப்புதான். மருந்துக்கு அப்படி இல்லை. ஃபெனிடாயினும் கார்பமசெபைனும் முதல் வகைக்கு நல்ல மருந்துகள். இரண்டாம் வகையில் அவை பெரிய வலிப்பை ஓரளவு அடக்கலாம், ஆனால் தூக்கிவாரிப் போடுவதை அப்படியே விட்டுவிடும், சிலருக்குக் கூட்டியும் விடும். கார்பமசெபைன் இந்த விஷயத்தில் ஃபெனிடாயினைவிட மோசம். சில பிள்ளைகளுக்குச் சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வலிப்பும் சேர்ந்திருக்கும். அதையும் இவை கெடுக்கும்.

நான் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் எதுவும் இல்லாமல். வயது 20, விடுதியில் தங்கிப் படித்தாள். ஃபெனிடாயின் 300-இல் இருந்தாள், ஈறு முன்பற்களின் பாதி வரை வந்திருந்தது. வலிப்பு முழுதாக நிற்கவில்லை என்று வெளியே ஓரிடத்தில் கார்பமசெபைன் 400 சேர்த்திருந்தார்கள். அதற்கப்புறம் காலை நேரத் தொந்தரவு கூடியது. அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை, அவளும் சொல்லவில்லை. கூட வந்த அறைத்தோழிதான், "இவ பிரஷ்ஷைத் தூக்கி எறிவா சார், நாங்க சிரிப்போம்" என்றாள். அந்த ஒரு வரியில் நோயறிதல் முடிந்துவிட்டது. முதல் இ.இ.ஜி. பகலில் சாதாரணமாக எடுத்தது, நார்மல் என்று இருந்தது. முந்தின இரவு பாதித் தூக்கத்தோடு வரச்சொல்லி, எடுக்கும்போது தூங்கவும் விட்டு, எழுந்த பிறகும் சிறிது நேரம் ஓடவிட்டோம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கூர்முனை அலைகள் கொத்துக் கொத்தாக வந்தன. ஒரு இ.இ.ஜி. நார்மல் என்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகாது. எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அவளுக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் உண்மையான யோசனை. இந்த வகை வலிப்புக்கு மிக நன்றாக வேலை செய்வது வால்ப்ரோயேட். 2021-இல் பிரிட்டனில் வெளிவந்த பெரிய ஒப்பீட்டு ஆய்விலும், இவ்வகை வலிப்புகளில் லெவெடிராசெட்டம் என்ற இன்னொரு மருந்து அதற்கு ஈடாகவில்லை. ஆண் பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அதையே முதலில் எழுதியிருப்பேன். பெண்ணுக்கு எழுதத் தயங்குவேன். கருவில் இருக்கும்போது வால்ப்ரோயேட் பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்குப் பிறவிக் குறை வருகிறது. மருந்து எதுவும் படாத குழந்தைகளில் அது நூற்றுக்கு இரண்டு மூன்று. அதோடு நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியிலோ கற்றலிலோ பின்னடைவு இருக்கிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்வது கரு உண்டான நான்கு வாரத்துக்குள். அதற்குள் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. "கல்யாணம் ஆகும்போது மாற்றிக்கொள்ளலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். நம் ஊரில் கல்யாணப் பேச்சு எழுந்ததும் வலிப்பையே மறைத்துவிடுகிறார்கள், பிறகு மாப்பிள்ளை வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போட வேண்டியிருக்கிறது. அந்தச் சூழ்நிலையில் மருந்தை மாற்றுவதாவது! 19 வயதில், பொறுமையாகக் கவனிக்க நேரம் இருக்கும்போதே சரியான மருந்துக்கு வந்துவிடுவது நல்லது. ஃபெனிடாயினும் கருவுக்கு முழுப் பாதுகாப்பானதல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு லெவெடிராசெட்டம் தொடங்கினோம். முதலில் 250 மி.கி. இரண்டு வேளை, இரண்டு வாரத்தில் 500 இரண்டு வேளை. புதிய மருந்து நின்று வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் பழையதில் கை வைத்தோம். நோயைக் கெடுத்துக்கொண்டிருந்த கார்பமசெபைனை முதலில் இறக்கினோம். அதன்பின் ஃபெனிடாயினைச் சில வாரத்துக்கு ஒருமுறை 100 மி.கி. என்று இறக்கினோம். எல்லாம் முடிய மூன்று மாதம் ஆனது. பிரஷ் எறிவது மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து அம்மா தனியாக வந்து, "சாது பிள்ளை, இப்ப எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா" என்றார். லெவெடிராசெட்டத்தின் முக்கியமான தொந்தரவு இதுதான்: எரிச்சல், கோபம், சிலருக்கு மனச்சோர்வு. முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் டாக்டரிடம் மறைக்கக்கூடாது. அவளுக்கு அது தானாகவே தணிந்தது. தணியாமல் இருந்திருந்தால் லாமோட்ரிஜினை யோசித்திருப்போம். லாமோட்ரிஜினும் சிலருக்குத் தூக்கிவாரிப் போடுவதைக் கூட்டும் என்பதால் அது இரண்டாவதாக நின்றது. இரண்டாவது வேளை மறந்துபோகும் என்ற உங்கள் பயத்துக்கு, நாள் ஒன்றுக்கு ஒருமுறை போடும் மெதுவாகக் கரையும் லெவெடிராசெட்டமும் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். இந்த வகை வலிப்பு மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். இரண்டு மூன்று வருடத்தில் நிறுத்திவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இனி ஈறு. உங்கள் பல் டாக்டர் சொன்னது சரி. ஃபெனிடாயின் வலிப்புக்குப் பயன்படும் என்று மெரிட்டும் பட்னமும் 1938-இல் காட்டினார்கள். அடுத்த வருடமே ஈறு வளர்கிறது என்று எழுதப்பட்டுவிட்டது, அவ்வளவு கண்ணுக்குத் தெரிகிற விளைவு. தொடர்ந்து போடுபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வரும், சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் அதிகம். இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் முக்கோண ஈறு முதலில் தடிக்கும், பெரும்பாலும் முன்பற்களில், உதட்டுப் பக்கமாக. தொடங்கிய ஒன்று முதல் மூன்று மாதத்திலேயே தெரிய ஆரம்பிக்கலாம். பிறகு அந்த முக்கோணங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பல்லின் மேல் திரை போல இறங்கும். பல் இல்லாத இடத்தில் அநேகமாக வளராது. அழுக்குப் படலம் சேரும் இடத்தில்தான் இது முற்றுகிறது, அதிலிருந்தே ஒரு வழி தெரிகிறது. மருந்து மட்டும் செய்கிற வேலை அல்ல, மருந்தும் அழுக்கும் அழற்சியும் சேர்ந்து செய்வது. ஈறில் நாரை உண்டாக்கும் செல்கள் பழைய நாரை உடைத்து அகற்றுவதில் பின்தங்கிவிடுகின்றன, அதனால் நார் சேர்ந்துகொண்டே போகிறது. மருந்தால் வளர்ந்த ஈறு கெட்டியாக, இளஞ்சிவப்பாக, எளிதில் ரத்தம் வராமல் இருக்கும். உங்கள் தங்கைக்குப் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, ஈறு சிவந்து மென்மையாக இருக்கிறது என்றால் அழற்சியும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பங்கை மருந்து மாற்றாமலேயே குறைத்துவிடலாம்.

ஃபோலிக் அமிலம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், புதிதாக ஃபெனிடாயின் தொடங்கிய 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் அரை மி.கி. ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் ஈறு வளர்ந்தவர்கள் நூற்றுக்கு 21, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 88. கவனியுங்கள், அது வராமல் தடுப்பதற்குச் செய்த ஆய்வு. வளர்ந்துவிட்ட ஈறை அது இறக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. நீங்களாக 5 மி.கி. மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அதிக அளவு ஃபோலிக் அமிலம் ஃபெனிடாயினின் ரத்த அளவைக் குறைத்து வலிப்பை வரவழைக்கலாம்.

நான் சொன்ன பெண்ணுக்கு ஃபெனிடாயின் முழுதாக நின்று நான்கு மாதத்தில் பற்களின் வடிவம் திரும்பத் தெரிந்தது. இரண்டு பல்லுக்கு நடுவே மட்டும் கெட்டியாக நின்றுவிட்டது, அதைப் பல் டாக்டர் சின்ன அறுவையில் எடுத்தார், திரும்ப வளரவில்லை. பழகிப்போய் நாராகிவிட்ட பகுதி தானாகக் கரையாமல் போகலாம். அதனால் வரிசை இப்படி: முதலில் ஸ்கேலிங் செய்து வாயைச் சுத்தமாக வைப்பது, மருந்தை மாற்றுவது, ஆறு மாதம் வரை பொறுத்துப் பார்ப்பது, மிச்சம் இருந்தால் மட்டும் வெட்டுவது. மருந்தில் இருக்கும்போதே வெட்டியவர்கள் சில மாதங்களில் அதே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

தெருக்காரருக்கு நடந்தது உங்களைப் பயமுறுத்தியதில் தப்பில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வகைத் தோல் நோயாக இருக்கும். ஆனால் எல்லா வலிப்பு மாத்திரைக்கும் அது ஒரே அளவில் பொருந்தாது. வளையம் போன்ற ஒரு வேதி அமைப்பைக் கொண்ட குடும்பம் ஒன்று உண்டு: ஃபெனிடாயின், கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், ஃபீனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின். பெரும்பாலும் இவற்றில்தான் இந்தத் தொல்லை. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே குடும்பத்தில் மற்றொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகும் வாய்ப்பு அதிகம். லெவெடிராசெட்டமும் வால்ப்ரோயேட்டும் அந்தக் குடும்பம் அல்ல. அவற்றில் தோல் உரியும் ஆபத்து மிகவும் அபூர்வம், பூஜ்யம் என்று சொல்ல முடியாது. உங்கள் தங்கை ஃபெனிடாயினை இரண்டு வருடமாகத் தோல் தொந்தரவு இல்லாமல் போடுகிறாள். இந்த நோய் வந்தால் பெரும்பாலும் முதல் எட்டு வாரத்துக்குள் வந்துவிடும். ஆக அவள் அந்த மருந்தின் ஆபத்துக் காலத்தைத் தாண்டிவிட்டாள், மாறப்போகிற மருந்து லெவெடிராசெட்டம் என்றால் பயத்துக்கு அதிக இடமில்லை.

ஒருவேளை டாக்டர் பரிசோதித்துவிட்டு, இது ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புதான், டம்ளர் வெறும் டம்ளர்தான் என்று சொன்னால் கார்பமசெபைனின் பெயர் வரும். அப்போது எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இந்த மரபணு வகை உள்ளவர்களுக்கு கார்பமசெபைனால் தோல் உரியும் ஆபத்து பல மடங்கு என்று 2004-இல் தைவானில் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூரில் 2013 முதல் ஆசிய வம்சாவளியினருக்குப் புதிதாக கார்பமசெபைன் தொடங்கும் முன் இதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் இது எல்லா இடத்திலும் செய்யப்படுவதில்லை, மக்கள்தொகைக்கு மக்கள்தொகை இந்த மரபணுவின் அளவும் மாறுகிறது. இருந்தால் அந்த மருந்து வேண்டாம். இல்லையென்றால் ஆபத்து குறைவு என்று மட்டுமே பொருள், முதல் எட்டு வார எச்சரிக்கையை அது நீக்காது.

லாமோட்ரிஜின் வந்தால் பொறுமைதான் பாதுகாப்பு. ஃபெனிடாயினோ வால்ப்ரோயேட்டோ கூட இல்லாதபோது 25 மி.கி. இரண்டு வாரம், பிறகு 50 இரண்டு வாரம் என்று நத்தை வேகத்தில் ஏற்றுவார்கள். வால்ப்ரோயேட் கூட இருந்தால் அதில் பாதி வேகம், ஏனென்றால் அது லாமோட்ரிஜினை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் பிடித்துவைக்கும். எனக்குத் தெரிந்து ஒருவர் நன்றாக 200-இல் இருந்தார். ஊருக்குப் போன இடத்தில் ஒரு வாரம் மாத்திரை இல்லை. திரும்பியதும் விட்ட இடத்திலிருந்தே 200 போட்டுவிட்டார், பத்து நாளில் உடம்பெல்லாம் தடிப்பு. ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் லாமோட்ரிஜினை முதல் படியிலிருந்துதான் ஏற்ற வேண்டியிருக்கும், டாக்டரைக் கேட்காமல் பழைய அளவைப் போடக்கூடாது. மருந்துக்கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

எந்தத் தடிப்பு பயப்பட வேண்டியது? காய்ச்சல் இல்லாமல், வாய் கண் நன்றாக இருந்து, அரிக்கும் சிவப்புப் பொட்டுகள் மட்டும் என்றால் பெரும்பாலும் சாதாரண ஒவ்வாமை. அன்றே டாக்டரிடம் போன் பண்ணிக் கேட்டால் போதும், அடுத்த வேளை மாத்திரை போடலாமா என்பதையும் அவரே சொல்வார். காய்ச்சலும் சேர்ந்தால், வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண் வந்தால், தோல் அரிக்காமல் வலித்தால், கொப்புளம் எழும்பினால், முகம் வீங்கினால், கழுத்தில் நெறி கட்டினால், இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தக்கூடாது என்ற விதி உடையும் இடம் இது. ஆனால் அதை ஆஸ்பத்திரியில் நிறுத்துவார்கள், பதிலுக்கு வேறு குடும்பத்து மருந்தை உடனே கொடுத்து. ஆரம்பத்தில் அம்மை என்று நினைத்து வேப்பிலை போட்டு வீட்டில் வைத்துக்கொண்டதில் நாட்கள் போன நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் போகும்போது அந்த வீடியோ, பழைய இ.இ.ஜி. தாள், வலிப்பு வந்த தேதிகள், அதற்கு முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்ற குறிப்பு, மாதவிலக்குத் தேதிகள் இவற்றைக் கொண்டு போங்கள். "காலையில் கை தூக்கிவாரிப் போடுகிறது, இது மயோக்ளோனிக்காக இருக்குமா?" என்று நேராகவே கேளுங்கள், ஈறைப் பற்றி அதற்கப்புறம் சொல்லுங்கள். அதுவரை அவள் கையில் கொதிக்கும் காபியைக் கொடுக்காதீர்கள், அடுப்படி வேலையும் எழுந்த முதல் ஒரு மணி நேரம் வேண்டாம். ஈறை வெட்ட நாள் குறித்திருந்தால் தள்ளி வையுங்கள், ஸ்கேலிங்கைத் தள்ளாதீர்கள்.